பழைய வீடு விற்பதற்குள் புதிய வீடு வாங்க பிரிட்ஜ் லோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய வீடு அமைந்துவிட்டது, பழைய வீடு இன்னும் விற்கவில்லை. இந்த நிலையில் பிரிட்ஜ் லோன் எனக்கு என்ன செய்யும்?

பழைய வீட்டில் முடங்கிக் கிடக்கும் உங்கள் பணத்தை, அந்த வீடு விற்பதற்கு முன்பே கையில் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. பழைய வீட்டை அடமானமாக வைத்து, பெரும்பாலும் 6 முதல் 12 மாதக் கெடுவில் கொடுப்பார்கள். சில இடங்களில் 24 மாதம் வரையும் கிடைக்கும். அந்தப் பணம் புதிய வீட்டுக்கு நீங்கள் போட வேண்டிய சொந்தப் பங்காகிறது. மீதி விலைக்கு வழக்கமான வீட்டுக் கடன் இருக்கும். பழைய வீடு விற்றதும், வரும் பணத்தில் பிரிட்ஜ் லோனை அசலும் வட்டியுமாக ஒரே தடவையில் அடைக்க வேண்டும்.

சாதாரண வீட்டுக் கடனை உங்கள் சம்பளம் அடைக்கிறது, இதை ஒரு விற்பனை அடைக்கிறது. அந்த விற்பனை எந்த விலைக்கு, எந்தத் தேதியில் முடியும் என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை. இந்தக் கடனில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. அதனால் கீழே வரும் பதில்களில் வட்டி விகிதத்தைவிட விலைக்கும் தேதிக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் வீடு 80 லட்சத்துக்குப் போகும். அதில் பழைய கடன் 20 லட்சம் பாக்கி. அப்படியானால் 60 லட்சம் கிடைக்குமா?

கிடைக்காது. ஏறக்குறைய அதில் பாதி கிடைத்தால் சரி. காரணத்தை உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் கணக்கின் போக்கு ஒன்றுதான். சதவீதங்கள் கடன் கொடுப்பவரைப் பொறுத்து மாறும்.

80 லட்சம் என்பது நீங்கள் எதிர்பார்க்கும் விலை. கடன் கொடுப்பவர் தன் மதிப்பீட்டாளரை அனுப்புவார். அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் என்ன வரும் என்பதையும் மனதில் வைத்து மதிப்பிடுவதால், அவர் எழுதும் தொகை பெரும்பாலும் உங்கள் எதிர்பார்ப்புக்குக் கீழேதான் நிற்கும். 75 லட்சம் என்று எழுதினார் என வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் மேல் எல்லாக் கடனும் சேர்ந்து மதிப்பில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் விதி என்றால், உச்ச வரம்பு 52.5 லட்சம். ஏற்கெனவே 20 லட்சம் கடன் இருக்கிறது. அதைக் கழித்தால் புதிதாகக் கிடைப்பது 32.5 லட்சம்.

பழைய கடனும் புதிய பிரிட்ஜ் லோனும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இன்னொரு படி உண்டு. பிரிட்ஜ் லோன் கொடுப்பவருக்குக் கிடைப்பது இரண்டாவது அடமானம். வீடு விற்றால் முதலில் பழைய கடன்காரர் எடுத்துக்கொள்வார், மிச்சத்தில்தான் இவருக்கு. அதற்குப் பழைய கடன்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவைப்படும். மூலப் பத்திரமும் அவரிடம்தான் இருக்கும். இந்தச் சம்மதக் கடிதம் வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். எனவே புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்துக் கெடுத் தேதி எழுதுவதற்கு முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, கையில் 32 லட்சம் வந்தது என்று வைத்து முழுக் கணக்கையும் போடுவோம். புதிய வீடு 100 லட்சம், பதிவு, வரி, வக்கீல் செலவு 7 லட்சம், ஆக 107 லட்சம். புதிய வீட்டுக் கடன் 63 லட்சம், பிரிட்ஜ் லோன் 32 லட்சம், உங்கள் சேமிப்பிலிருந்து 12 லட்சம். சேமிப்பு மொத்தம் 18 லட்சம் என்றால், பிரிட்ஜ் லோனுக்கான கட்டணங்கள் ஒரு லட்சம் போக, 5 லட்சம் கையிருப்பு நிற்கும். இந்த 5 லட்சத்தை மறந்துவிடாதீர்கள். இதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

மாதம் 1 சதவீதம் வட்டி என்கிறார்கள். அது பெரிய தொகை இல்லையே?

மாதம் 1 சதவீதம் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டால் 12.68 சதவீதம். 32 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி முதல் வகையில் 3.84 லட்சம், இரண்டாவது வகையில் சுமார் 4.06 லட்சம். வித்தியாசம் சிறியதுதான். வட்டியை எப்போது, எந்த வகையில் வாங்குகிறார்கள் என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ஒரு வகையில் மாதாமாதம் வட்டியைக் கட்ட வேண்டும், அதாவது மாதம் 32 ஆயிரம். இன்னொரு வகையில் எதுவும் கட்ட வேண்டாம், வீடு விற்கும்போது மொத்தமாகக் கழித்துக்கொள்வார்கள். மூன்றாவது வகையில் பலர் ஏமாந்துபோகிறார்கள். முழுக் கெடுவுக்குமான வட்டியைக் கடன் தரும் நாளிலேயே பிடித்துக்கொள்வார்கள். 32 லட்சம் கடன் என்று பத்திரத்தில் இருக்கும், 12 மாத வட்டி 3.84 லட்சம் போக உங்கள் கணக்கில் விழுவது 28.16 லட்சம். புதிய வீட்டுக் கிரயத்துக்கு இரண்டு நாள் முன்பு இது தெரியவந்தால் கிட்டத்தட்ட 4 லட்சத்துக்கு ஓட வேண்டியிருக்கும். ஆகவே அனுமதிக் கடிதத்தில் கடன் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல், 'என் கணக்கில் எவ்வளவு வந்து சேரும்' என்று கேட்டு அதை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணங்களில் செயலாக்கக் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு, வக்கீல் செலவு மூன்றும் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் படாதவை இரண்டு. ஒன்று, குறைந்தபட்ச வட்டிக் காலம். மூன்று மாதம் என்று போட்டிருந்தால், 20 நாளில் வீடு விற்றுக் கடனை அடைத்தாலும் மூன்று மாத வட்டியான 96 ஆயிரத்தைக் கட்டியே ஆக வேண்டும். இரண்டு, கெடு தாண்டிய பிறகு ஓடும் அபராத வட்டி. இது சாதாரண வட்டியைவிட நன்றாக உயர்ந்து, சில ஒப்பந்தங்களில் இரு மடங்காகவும் இருக்கும். அது தாண்டிய நாளிலிருந்து மட்டும் ஓடுமா, கடன் தொடங்கிய நாள் முதல் திருத்திப் போடப்படுமா என்று கேளுங்கள்.

பழைய வீட்டுக்கு எதிர்பார்த்த விலை வரவில்லை என்றாலோ, விற்கத் தாமதமானாலோ கணக்கு எவ்வளவு மாறும்?

அதே உதாரணத்தைத் தொடர்வோம். விற்பனைச் செலவு, அதாவது தரகு, வக்கீல், பழைய கடனை முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வையுங்கள். விற்பனை லாபத்துக்கு வரி உண்டு என்றால் அதையும் இங்கே சேர்க்க வேண்டும். உதாரணத்தில் அதை விட்டுவிடுகிறேன்.

நினைத்தபடி ஆறாவது மாதம் 80 லட்சத்துக்கு விற்றால், செலவு 2 லட்சம், பழைய கடன் 20 லட்சம், பிரிட்ஜ் லோன் வட்டியோடு 33.92 லட்சம் போக, உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 24 லட்சம். அதைப் புதிய வீட்டுக் கடனில் கட்டினால் 63 லட்சம் 39 லட்சமாகக் குறையும். எல்லோரும் மனதில் வைத்திருப்பது இந்தப் படம்தான்.

இப்போது விலை 10 சதவீதம் குறைந்து 72 லட்சம், விற்பனை முடிய 12 மாதம் என்று வைப்போம். கடனை ஆறு மாதக் கெடுவில் எடுத்திருந்தால் நடுவில் ஒருமுறை கெடு நீட்டிப்பு, அதற்கு 1 சதவீதக் கட்டணம். பிரிட்ஜ் லோன் அசலும் வட்டியும் 35.84 லட்சம், நீட்டிப்புக் கட்டணம் 32 ஆயிரம். எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 13.8 லட்சம். எதிர்பார்த்ததில் ஏறத்தாழ 10 லட்சம் காணாமல் போயிருக்கிறது. புதிய வீட்டுக் கடன் 39 லட்சத்துக்குப் பதிலாக 49 லட்சத்தில் நிற்கும்.

இந்த 10 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 8 லட்சம் விலைக் குறைவால் போனது. கூடுதல் வட்டியும் நீட்டிப்புக் கட்டணமும் சேர்ந்து 2.24 லட்சம்தான். வட்டியில் கால் சதவீதம் குறைப்பதற்காக நாலு இடம் ஏறி இறங்குபவர்கள், பழைய வீட்டின் விலையை ஒரே ஒரு தரகர் சொன்ன வார்த்தையை நம்பி முடிவு செய்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியையாவது அக்கம்பக்கத்தில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் பதிவான விலைகளைத் தேடுவதில் செலவிடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கடன் கணக்குக்கு அது உதவாது.

முடிவெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: விலை 10 சதவீதம் குறைவு, காலம் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் வரும் 49 லட்சக் கடனின் தவணையை உங்கள் வருமானம் தாங்கினால் மேலே போகலாம். 39 லட்சம் என்றால் மட்டும்தான் தாங்கும் என்றால், இந்த வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றே சொல்வேன்.

மொத்தக் கணக்கு சரியாக வருகிறது. மாதாமாதம் இரண்டு வீட்டுத் தவணையை எப்படிச் சமாளிப்பது?

கடைசியில் லாபம் நிற்கும் குடும்பங்கள்கூட நடுவில் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். இதற்குத் தனியாக ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

63 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 57 ஆயிரம். பழைய கடன் 20 லட்சத்துக்குத் தவணை 25 ஆயிரம். ஆளில்லாத பழைய வீட்டுக்குப் பராமரிப்பு, வரி, காப்பீடு, மின்சாரம் என்று 8 ஆயிரம். ஆக மாதம் 90 ஆயிரம். உங்கள் வருமானத்தில் வீட்டுக்கென்று ஒதுக்க முடிவது 55 ஆயிரம் என்றால், மாதம் 35 ஆயிரம் துண்டு விழும்.

அந்தத் துண்டை அடைப்பது கையிருப்பில் இருக்கும் 5 லட்சம். 5 லட்சத்தை 35 ஆயிரத்தால் வகுத்தால் 14 மாதம். பிரிட்ஜ் லோனை 12 மாதக் கெடுவில் எடுத்தீர்கள் என்று வைப்போம். அதாவது கெடு முடியும்போதும் உங்களிடம் சுமார் இரண்டு மாத மூச்சு மிச்சமிருக்கும். பரவாயில்லை, தாங்கும்.

ஆனால் மாதாமாதம் வட்டி கட்டும் வகையை எடுத்திருந்தால் அந்த 32 ஆயிரமும் சேர்ந்து துண்டு 67 ஆயிரமாகும். அப்போது அதே 5 லட்சம் ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். பத்திரத்தில் கெடு 12 மாதம் என்று இருந்தாலும் உங்கள் உண்மையான கெடு ஏழு மாதம்தான். ஏழாவது மாதத்தில் வரும் எந்த விலைக்கும் தலையாட்ட வேண்டிய நிலை வந்துவிடும். வட்டியைக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், சேமிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே பாதுகாப்பு என்று நான் நினைப்பது இதனால்தான்.

அவசரச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இந்த 5 லட்சத்தில் சேர்க்காதீர்கள். இது வீட்டுக்கு மட்டுமான கையிருப்பு.

ஒருவர் 78 லட்சத்துக்குக் கேட்கிறார். 80 வரும் என்று தரகர் சொல்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருப்பதற்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். பிரிட்ஜ் லோன் வட்டி 32 ஆயிரம். பழைய கடனின் தவணையில் வட்டிப் பகுதி மட்டும் சுமார் 15 ஆயிரம். ஆளில்லாத வீட்டின் செலவு 8 ஆயிரம். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை. விற்றிருந்தால் மிஞ்சும் 24 லட்சம் புதிய கடனைக் குறைத்திருக்கும் இல்லையா? அது குறையாமல் நிற்பதால் 9 சதவீதத்தில் மாதம் 18 ஆயிரம் கூடுதல் வட்டி கட்டுகிறீர்கள். எல்லாம் சேர்த்து மாதம் 73 ஆயிரம்.

2 லட்சம் கூடுதலாக வாங்க மூன்று மாதம் காத்திருந்தால் 2.19 லட்சம் செலவாகும். எனவே மூன்று மாதத்துக்குள் 80 நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு. அப்படி நிச்சயமாகத் தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்று பணத்தோடு வந்து நிற்பவரின் 78 தான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

இதையே மறுபக்கமும் பயன்படுத்தலாம். ஒருவர் 70 லட்சத்துக்குக் கேட்டால், 10 லட்ச வித்தியாசத்துக்கு 13 மாதத்துக்கு மேல் காத்திருந்தால்தான் நஷ்டம். கடன் இருக்கிறதே என்ற பயத்தில் முதல் மாதமே அதற்கு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் மாதச் செலவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பயமும் ஆசையும் கொஞ்சம் அடங்கும்.

வாங்குபவர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டார். இனி ஆபத்து இல்லைதானே?

நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முழுதாகப் போகவில்லை. கையெழுத்தான விற்பனை ஒப்பந்தமும் கிரயத் தேதியும் இருந்தால் கடன் கொடுப்பவர்களும் அதை வேறு மாதிரிதான் பார்ப்பார்கள். அனுமதி சுலபமாகக் கிடைக்கும், வட்டியும் சற்றுக் குறையலாம். விற்பனை எப்போது என்றே தெரியாமல் எடுக்கும் கடனுக்கு வட்டியும் கேள்வியும் அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒப்பந்தத் தேதிக்கும் பணம் வந்து சேரும் தேதிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. வாங்குபவரும் பெரும்பாலும் கடன் எடுத்துத்தான் வாங்குவார். அவருடைய வங்கி உங்கள் வீட்டை மதிப்பிட வேண்டும், ஆவணங்களில் வில்லங்கம் இல்லை என்று அவர்கள் வக்கீல் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டின் மேல் இரண்டு அடமானம் இருப்பதைப் பார்த்ததும், இரண்டு இடங்களிலிருந்தும் 'இவ்வளவு கட்டினால் விடுவிக்கிறோம்' என்ற பாக்கித் தொகைக் கடிதம் கேட்பார்கள்.

அந்தக் கடிதம் ஒரு குறிப்பிட்ட நாள் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கும். நம் உதாரணத்தில் அது நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம். கிரயம் பத்து நாள் தள்ளிப்போய், பழைய தொகைக்கே காசோலை எடுத்து வந்தால், பத்தாயிரம் குறைகிறது என்று அடமானத்தை விடுவிக்க மாட்டார்கள். மொத்தக் கிரயமும் அன்றைக்கு நின்றுபோகும். கிரயத் தேதிக்குப் பிறகும் ஒரு வாரம் செல்லும்படி கடிதம் வாங்கி வையுங்கள்.

ஆக, ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்கு மேல் குறைந்தது இரண்டு மாதமாவது பிரிட்ஜ் லோனின் கெடு நீண்டிருக்க வேண்டும். வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அவருக்குக் கடன் அனுமதி வரும்வரை உங்கள் வீடு விற்றதாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

கெடு நெருங்குகிறது, வீடு விற்கவில்லை. என்ன ஆகும்?

கெடுவுக்கு முன்பே நீங்களாகப் போய்ப் பேசினால் வழிகள் இருக்கின்றன. பேசாமல் விட்டால் ஒன்றொன்றாக அடைபடும்.

மூன்று மாதம் முன்பே போனால் நீட்டிப்புக் கேட்கலாம். வீட்டை என்ன விலைக்குப் போட்டீர்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், விலையை எப்போது குறைத்தீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். தரகரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வைத்தால் அப்போது உதவும். மறு மதிப்பீடு செய்வார்கள், சந்தை இறங்கியிருந்தால் அசலில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லவும் கூடும். நீட்டிப்பு கிடைக்காவிட்டால், பழைய வீட்டின் பேரில் நீண்ட காலக் கடனாக மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். அதற்கு உங்கள் வருமானம் இரண்டு வீட்டுக் கடனையும் தாங்க வேண்டும்.

கெடு தாண்டிவிட்டால் அபராத வட்டி தொடங்கும். உதாரணத்தில் அது மாதம் 2 சதவீதம் என்றால், 64 ஆயிரம். அப்புறம் அறிவிப்பு, பிறகு அடமானம் வைத்த வீட்டைக் கைப்பற்றி விற்கும் நடவடிக்கை. அப்படி விற்றால் சந்தை விலை வராது. அந்தப் பணத்தில் கடன் தீராவிட்டால், மிச்சத்துக்கு உங்களையே கேட்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. புதிய வீட்டையும் சேர்த்து அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் குடியிருக்கும் வீட்டுக்கும் ஆபத்து வரும். இரண்டு வீட்டையும் அடமானமாகக் கேட்கிறார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

இதெல்லாம் திடீரென்று வருவதில்லை. ஒரு வீட்டுக்கு முதல் சில வாரங்களில்தான் அதிகம் பேர் வருவார்கள். ஆறு வாரத்தில் பார்க்கவே யாரும் வரவில்லை என்றால் விலை அதிகம். நிறையப் பேர் வந்தும் யாரும் விலை பேசவில்லை என்றால், கேட்கும் விலைக்கு வீடு பொருந்தவில்லை அல்லது வீட்டில் ஏதோ குறை கண்ணில் படுகிறது. பேசி முடித்தவர்கள் ஆவணத்தைப் பார்த்ததும் விலகினால் சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது, விலையைக் குறைத்துப் பயனில்லை. முதலிலேயே ஒரு வக்கீலிடம் ஆவணங்களைக் காட்டியிருந்தால் இந்தக் கடைசி வகைச் சிக்கலில் ஒரு மாதமாவது மிச்சமாகியிருக்கும்.

அதுவரை பழைய வீட்டை வாடகைக்கு விட்டால் செலவு குறையுமே?

முதலில் கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அனுமதியின்றி வாடகைக்கு விடக்கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். ஆள் குடியிருக்கும் வீட்டைத் தானே குடியேற வாங்குபவர்கள் தவிர்ப்பார்கள், வாடகைக்காரர் காலி செய்யத் தாமதித்தால் கிரயமும் தாமதமாகும். சில மாத வாடகைக்காக அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஆளில்லாமல் விடுவதிலும் ஒரு விஷயம் உண்டு. பல காப்பீட்டுப் பாலிசிகளில் தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டு, தண்ணீர்க் கசிவு போன்றவற்றுக்கான பாதுகாப்பு குறைந்துவிடும். அடமானத்தில் உள்ள வீடு என்பதால் காப்பீடு தொடர வேண்டும் என்பது கடன் நிபந்தனையாகவும் இருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, ஆளில்லாத வீட்டுக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேளுங்கள்.

பிரிட்ஜ் லோன் எடுக்காமலே இதைச் சமாளிக்க முடியாதா?

பல நேரங்களில் முடியும். முதலில் புதிய வீட்டை விற்பவரிடம் பேசிப் பாருங்கள். கிரயத்துக்கு நாலு மாதம் அவகாசம் கொடுக்க அவர் சம்மதித்தால், அதற்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் உங்களுக்கு மிச்சம்தான். பழைய வீட்டை விற்றுவிட்டு, வாங்கியவரிடமே இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு இருப்பது இன்னொரு வழி. பணம் முழுதும் கையில் வந்துவிடும், வீடு மாறும் தொல்லையும் ஒரே முறைதான்.

பழைய வீட்டின் பேரில் கூடுதல் வீட்டுக் கடன் வாங்குவது வட்டியில் மலிவு. ஆனால் விற்பனைக்குப் போட்டுவிட்ட வீட்டின் பேரில் அப்படிக் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அப்போதும் விற்கும் எண்ணத்தை மறைக்காமல் சொல்லியே கேட்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பெரியதாக இருந்தால் மலிவு வட்டியின் பயன் போய்விடும்.

இந்த வழிகள் எதுவும் பொருந்தாமல், புதிய வீடு கைவிட்டுப் போனால் அதுபோல் இன்னொன்று அமையாது என்ற நிலையில்தான் பிரிட்ஜ் லோன் தன் விலைக்குத் தகுதியானது.

வீடு விற்றது, பணமும் கட்டியாயிற்று. கடன் முடிந்தது என்று எப்படி உறுதி செய்வது?

பாக்கி இல்லை என்ற கடிதம் மட்டும் போதாது. அடமானம் எந்தப் பதிவேட்டில் ஏறியதோ, அதே பதிவேட்டில் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய கடன், பிரிட்ஜ் லோன் இரண்டுக்கும் தனித்தனியாக நீக்கம் பதிவாக வேண்டும். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். புதிய வீட்டையும் அடமானத்தில் சேர்த்திருந்தால் அதற்கும் ஒரு சான்று எடுங்கள், விற்ற வீட்டுக்கு நீக்கத்தைப் பதிந்துவிட்டு இதை மறந்துவிடுவது நடக்கிறது. முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள், தானாகப் பணம் எடுக்கும் வங்கி உத்தரவு இரண்டையும் திரும்பப் பெற்று ரத்து செய்யுங்கள். வட்டியை முன்கூட்டியே பிடித்திருந்து, கெடுவுக்கு முன்பே அடைத்திருந்தால், பயன்படுத்தாத மாதங்களின் வட்டி உங்களுக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும். இறுதிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, குறைந்தபட்ச வட்டிக் காலம் போக மீதியைச் சரியாகத் தந்திருக்கிறார்களா என்று அதில் பாருங்கள்.